ஓரிரு இடங்களில் கனமழை

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் செய்திக்குறிப்புக்குப் பெரிய கிராக்கி. அது வெளியான சில நிமிடங்களில் தெருச் சங்கச் செயலாளர், பள்ளி வாகன ஓட்டுநர், ஊராட்சி உறுப்பினர், மீனவர் கிராமத்து இளைஞர் என ஆளாளுக்கு அதைச் சுருக்கி, இளக்கி, தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். அந்தக் குறிப்பை அப்படியே அனுப்பினால் பாதிப் பேர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இளக்குகிற வேகத்தில் தகவலும் சேர்ந்து கரைந்துபோவதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறோம்.

அந்தக் குறிப்பின் நடை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி இதோ. இது நானே எழுதியது. தேதியும் மாவட்டங்களும் கற்பனை. சொற்களும் அடுக்கும் மட்டும் வழக்கமாக வருபவை.

"தென்மேற்கு வங்கக்கடல் பகுதிகளில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி காரணமாக, 18.11 அன்று தமிழகத்தில் ஒருசில இடங்களிலும், புதுவை மற்றும் காரைக்கால் பகுதிகளிலும் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் மற்றும் காரைக்கால் பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழையும், கடலூர், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழையும் பெய்ய வாய்ப்புள்ளது. 18.11 மற்றும் 19.11 ஆகிய தேதிகளில் தமிழகக் கடலோரப் பகுதிகள், மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மேற்குறிப்பிட்ட நாட்களில் மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள்."

இதை 17-ஆம் தேதி பகல் 1.30 மணிக்கு வெளியிட்டதாக வைத்துக்கொள்வோம். சாயங்காலத்துக்குள் மயிலாடுதுறைப் பக்கத்துக் குழு ஒன்றில் இது எப்படி வந்து சேரும் என்று ஊகிப்பது கடினமில்லை:

"மக்களே உஷார்! நாளை டெல்டாவில் மிக கனமழை கொட்டித் தீர்க்கப் போகுது! கடலில் சூறாவளி! மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை! ஸ்கூல் லீவு வரலாம்! யாரும் பயப்பட வேண்டாம், வெளியே வராதீங்க! எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க!"

படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலத்தில் இருக்கிறபடியே இருக்கும் ஒரு வாக்கியம்கூட இதில் இல்லை. தஞ்சாவூரும் திருவாரூரும் டெல்டாதான். அவற்றுக்குச் சொன்னது கனமழை, மிக கனமழை அல்ல. கடலூரும் காரைக்காலும் காணாமல் போய்விட்டன. "பெய்ய வாய்ப்பு" என்றது "கொட்டித் தீர்க்கப் போகுது" ஆகிவிட்டது. தடை, லீவு, பயப்பட வேண்டாம், வெளியே வராதீங்க ஆகிய நான்கும் குறிப்பிலேயே கிடையாது. "நாளை" என்பது மறுநாளும் அதற்கு மறுநாளும் யாரோ ஒருவர் கைபேசியில் "நாளை"யாகவே கிடக்கும்.

எழுதியவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. குறிப்பில் விறைப்பாகத் தெரிந்ததையெல்லாம் அலங்காரம் என்று நினைத்து உரித்துவிட்டார். அதில் இரண்டு வகை விறைப்பு இருக்கிறது. "மேற்குறிப்பிட்ட", "அதனை ஒட்டிய", "அறிவுறுத்தப்படுகிறார்கள்" போன்றவை அலுவலக வழக்கம், தாராளமாக மாற்றலாம். "ஓரிரு இடங்களில்", "மிதமான", "மிக கனமழை", "தாழ்வுப் பகுதி" ஆகியவை அப்படியல்ல. கேட்பதற்கு ஏனோதானோ என்று இருந்தாலும் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஓர் அளவு உண்டு.

மழையின் அளவையே எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேலே போனால் அதிகனமழை. மிதமான மழை என்பது சுமார் ஒன்றரை சென்டிமீட்டரில் தொடங்கி ஆறரைக்குச் சற்றுக் கீழே வரை நீள்கிறது. "மிதமான" என்பதை "சாரல்", "தூறல்" என்று யாராவது செல்லமாக மாற்றினால் என்ன ஆகும் என்று இங்கே தெரிந்துகொள்ளலாம். ஆறு சென்டிமீட்டர் மழை ஒரே மணி நேரத்தில் பெய்தால் நகரத்துத் தாழ்வான தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கணக்கேட்டில் அதுவும் மிதமான மழைதான். மேல்படியான அதிகனமழைக்கோ உச்சவரம்பே கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்தப் பேரழிவு மழைக்கும் 21 சென்டிமீட்டர் மழைக்கும் பெயர் ஒன்றேதான்.

ஆகவே எளிமையாக எழுதுகிறவர் "மிக கனமழை" என்ற சொல்லை மாற்றக்கூடாது, பக்கத்திலேயே "அதாவது 12 முதல் 20 செ.மீ." என்று அளவைச் சேர்க்கலாம். செ.மீ. என்றால் புரியாது என்று தோன்றினால் இன்னும் ஒரு படி இறங்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஏழு சென்டிமீட்டர் மழை அந்த மாடியில் மட்டும் ஆறாயிரத்து ஐந்நூறு லிட்டர் இறக்கிவிடும். வடிகால் குழாய் வாயில் கிடக்கும் சருகை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று படிப்பவருக்குத் தானாகவே தோன்றும். இப்படி விளக்கிச் சொல்வது சினேகம். "கொட்டித் தீர்க்கும்" என்பது வெறும் சத்தம்.

அடுத்தது இடம். ஓரிரு இடங்கள், ஒருசில இடங்கள், பல இடங்கள், பெரும்பாலான இடங்கள் ஆகியவை நான்கு படிகள். ஒரு பகுதியில் உள்ள மழை அளவிடும் நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் "ஓரிரு". கால்வாசிக்கு மேல் பாதி வரை என்றால் "ஒருசில". பாதிக்கு மேல் முக்கால்வாசி வரை "பல" (சில குறிப்புகளில் "அநேக"). அதற்கும் மேலே "பெரும்பாலான". மாதிரிக் குறிப்பில் தமிழகத்துக்கு "ஒருசில", மிக கனமழைக்கு "ஓரிரு" என்று வருவது வாய்க்கு வந்த வேற்றுமை அல்ல. ஓரிருவை விட்டுவிட்டு "மயிலாடுதுறையில் மிக கனமழை" என்று எழுதினால் மாவட்டம் முழுவதும் நனையும் என்று பொருளாகிவிடும். மறுநாள் குத்தாலத்தில் வெயில் அடித்தால், "வானிலைக்காரன் சொன்னா என்னைக்குப் பலிச்சிருக்கு" என்பார்கள். சீர்காழியில் 13 சென்டிமீட்டர் பெய்திருக்கலாம். முன்னறிவிப்பு அச்சாகப் பலித்திருக்கலாம். கெட்டபெயர் மட்டும் ஆய்வு மையத்துக்கு.

பேச்சுத் தமிழில் இதை எப்படிச் சொல்வது? "எல்லா ஊரிலும் இல்லை, மாவட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஊர்களில்" என்று சொன்னால் போதும். எந்த ஊர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதையும் கூடவே சொல்லிவிட்டால், எல்லோரும் தயாராக இருக்க வேண்டியதன் காரணமும் விளங்கிவிடும்.

மாதிரியின் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிகத் தவறு நடக்கிற இடம் அதுதான். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பட்டியல் இருக்கிறது. முதல் "யும்" வரை ஒரு பட்டியல்: நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால். இவற்றுக்குக் கனமழை முதல் மிக கனமழை. இரண்டாவது "யும்" வரை இன்னொன்று: கடலூர், திருவாரூர், தஞ்சாவூர். இவற்றுக்குக் கனமழை மட்டும். அவசரத்தில் படிப்பவர் கண்ணில் ஆறு ஊர்ப்பெயரும் ஒரு "மிக கனமழை"யும்தான் படும். நான் கடைப்பிடிக்கிற வழி சாதாரணமானது: ஒவ்வொரு "யும்"மிலும் பேனாவால் ஒரு கோடு போடுவது. கோட்டுக்கு இடதுபுறம் உள்ள ஊர்கள் எல்லாம் அந்த மழைக்குச் சொந்தம். உண்மையான குறிப்பில் மூன்று நாலு தேதிக்கு இப்படிப் பட்டியல் வரும்போது கோடு போடாமல் எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

காற்று விஷயத்திலும் ஒரு குழி இருக்கிறது. "சூறாவளிக் காற்று" என்றதும் நம் மனம் புயலுக்குத் தாவுகிறது. குறிப்பில் சொல்லியிருப்பது மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், நடுநடுவே 55. புயல் என்ற பெயர் வர வேண்டுமானால் காற்று 62 கிலோமீட்டரைத் தொட வேண்டும். அதற்குக் கீழே படிகள் இருக்கின்றன. 31-க்கும் குறைவாக இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பகுதியும் மண்டலமும் நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகிறார்கள். இங்கே அப்படி எழுதினால் ஒரு படி ஏறிவிட்டதாக அர்த்தம். வாசகருக்கு இந்தப் படிகள் தேவையில்லை என்று நினைத்தால் காரணத்தையே "கடலில் ஒரு தாழ்வுப் பகுதி இருக்கிறது" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். "சூறாவளி"யைப் "பலத்த காற்று" என்று மாற்றி, இரண்டு வேகத்தையும் அப்படியே வைத்துவிட்டால் நேர்மை கெடாது. 55-ஐ விட்டுவிடக்கூடாது. சிறிய படகைக் கவிழ்ப்பது அந்த இடையிடையே வீசும் வீச்சுதான்.

இனி, யார் என்ன சொன்னார் என்பது. வானிலை மையம் மீனவருக்குச் சொல்வது அறிவுரை. கடலுக்குப் போகிற படகுகளுக்கு அனுமதிச் சீட்டு தரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது மீன்வளத்துறை. "தடை" என்று எழுதும்போது வானிலை மையத்தின் வாயில் மீன்வளத்துறையின் சொல்லை வைக்கிறோம். மீன்வளத்துறை தனியாக அறிவித்திருந்தால் அதையும் தனியாக, அதன் பெயரோடு எழுதலாம். லீவும் அப்படித்தான். விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். "லீவு வரலாம்" என்ற ஒரு வரி ராத்திரி பத்து மணிக்கு எத்தனை வீட்டுப் பாடத்தை நிறுத்துகிறது என்று அம்மாக்களைக் கேட்டால் தெரியும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையும் குறிப்பிலோ அதோடு வரும் வரைபடத்திலோ இருந்தால் மட்டும் போட வேண்டும். மழை அளவைப் பார்த்து நாமே நிறம் பூசக்கூடாது. நிறத்தைச் சொன்னால் பொருளையும் சொல்லிவிடுவது நல்லது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

"யாரும் பயப்பட வேண்டாம்" என்ற வரியும் கூட்டிச் சேர்த்ததுதான். ஆறுதலாகத்தான் எழுதியிருப்பார், ஆனால் அந்த உத்தரவாதத்தை யாரும் அவருக்குத் தரவில்லை.

தேதிக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. வானிலைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. 18-ஆம் தேதிக்கான எச்சரிக்கை, நம் நாட்காட்டியில் 19 விடிகிற நேரத்தையும் சேர்த்ததுதான். 18-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, "தேதி முடிஞ்சு போச்சு, இனி மழை இல்லை" என்று படுத்துவிடக்கூடாது. பதிவான மழை அளவுக்கும் இதே கணக்கு. 19 காலை வெளியாகும் பட்டியலில் இருப்பது 18 காலை 8.30 முதல் பெய்த மழை.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால், சினேகமாக எழுதுவதற்கு மூன்று காரியம்தான் மிச்சம். முதலில், வரிசையைப் புரட்டிப்போட வேண்டும். குறிப்பு கடலில் தொடங்கிக் கரைக்கு வருகிறது, காரணத்தில் தொடங்கி விளைவுக்கு வருகிறது. படிப்பவருக்கு வேண்டியது "எங்க ஊரா, என்னைக்கு?" என்பது, ஆகவே அதை மேலே வைக்க வேண்டும். அடுத்து, நீண்ட வாக்கியத்தை வெட்ட வேண்டும். கடைசியாக, "அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்று யாரோ யாருக்கோ சொல்வதை, எதிரே இருப்பவரிடம் சொல்கிற பேச்சாக்க வேண்டும். நான் எழுதினால் இப்படி வரும்:

"வணக்கம். நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மறுநாள் 19 காலை 8.30 வரை நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் காரைக்காலிலும் சில ஊர்களில் மழை நன்றாக வலுக்க வாய்ப்பு இருக்கிறது. கனமழை முதல் மிக கனமழை வரை, அதாவது 7-லிருந்து 20 செ.மீ. வரை பெய்யலாம். எல்லா ஊரிலும் அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓரிரு இடங்களில்.

கடலூர், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களிலும் இதேபோல் ஓரிரு இடங்களில் கனமழை, அதாவது 7-லிருந்து 11 செ.மீ. வரை, பெய்யலாம். தமிழகத்தில் மற்றபடி ஒருசில இடங்களிலும், புதுவை, காரைக்கால் பகுதிகளிலும் இடி மின்னலோடு லேசானது முதல் மிதமான மழை இருக்கலாம்.

கடலுக்குப் போகிற அண்ணன் தம்பிகளுக்கு: 18, 19 இரண்டு நாளும் தமிழகக் கடலோரம், மன்னார் வளைகுடா, அதை ஒட்டிய குமரிக்கடல் பக்கம் போக வேண்டாம். காற்று மணிக்கு 35-லிருந்து 45 கி.மீ. வேகத்தில் வீசலாம், நடுநடுவே 55-ஐத் தொடலாம்.

தென்மேற்கு வங்கக்கடலில் இருக்கும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிதான் இதற்குக் காரணம். இது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் 17-ஆம் தேதி பகல் 1.30 மணிக்குச் சொன்னது. புதிய அறிவிப்பு வந்தால் அதுதான் கணக்கு.

நம் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை: மாடி வடிகாலை இன்றே சுத்தம் செய்துவிடுங்கள். தண்ணீர் புகுந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077."

இது மூலத்தைவிடச் சுருக்கமாக இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். உண்மைதான். சுருக்க வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது: உங்கள் குழு மயிலாடுதுறைக் குழு என்றால் கடலூர்ப் பத்தியை எடுத்துவிட்டு, "மற்ற மாவட்டங்களுக்கான விவரம் மூலக் குறிப்பில் உண்டு" என்று சொல்லி அந்தக் குறிப்பையும் கீழே இணைத்துவிடலாம். விட்டதைச் சொல்லிவிட்டு விடுவது வேறு, தெரியாமல் விழுங்குவது வேறு. "ஓரிரு"வையும் "லாம்"களையும் மட்டும் எந்தச் சுருக்கத்திலும் தொடக்கூடாது. கடைசிப் பத்தியை நம் வார்த்தை என்று பிரித்துக் காட்டியிருப்பதையும் கவனியுங்கள். வடிகாலைப் பற்றி வானிலை மையம் ஒன்றும் சொல்லவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. மூலக் குறிப்பைத் தாளில் எடுத்து, உங்கள் பதிவில் வந்துவிட்ட ஒவ்வொரு தகவலையும் அதில் அடித்துக்கொண்டே போங்கள். அடிபடாமல் மிஞ்சுவது நீங்கள் விட்டது. பிறகு தலைகீழாக, உங்கள் பதிவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் மூலத்தில் இடம் தேடுங்கள். இடம் கிடைக்காதது நீங்கள் கூட்டியது. முதல் சோதனையைப் பலர் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்பவர் அபூர்வம். "தடை"யும் "லீவு"ம் அகப்படுவது இரண்டாவதில்தான்.

அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. பகலில் வந்த குறிப்பை ராத்திரிக் குறிப்பு மாற்றிவிடலாம். "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வருகிற உடனடி முன்னறிவிப்புகள் மூன்று மணி நேரத்தில் காலாவதி. காலை 10 மணிக்கு வந்ததை "அடுத்த 3 மணி நேரத்தில்" என்றே எழுதி அனுப்பினால், அதை மாலை 5 மணிக்குப் பார்க்கிறவர் எட்டு மணி வரை குடையோடு உட்கார்ந்திருப்பார். "பகல் 1 மணி வரை" என்று எழுதிவிட்டால் பழசு தானாகவே பழசாகிவிடும். புதிய குறிப்பு வந்ததும் பழைய பதிவை அழிக்க முடிந்தால் அழித்துவிடுங்கள், முடியாவிட்டால் அதற்கே பதிலாக, "இது மாறிவிட்டது, 18-ஆம் தேதி பகல் 1.30 மணிக் குறிப்பைப் பார்க்கவும்" என்று போடுங்கள். எச்சரிக்கையை விலக்கிக்கொண்டால் அதையும் மறக்காமல் போட வேண்டும். மழை வரும் என்று சொல்ல முந்துகிறவர்கள், வராது என்ற செய்தியை யாரும் அனுப்பவில்லை என்பதைக் கவனிப்பதில்லை; ஆனால் மறுபடி கடலில் இறங்கலாமா என்று கரையில் காத்திருப்பவருக்கு முதலில் வேண்டிய செய்தி அதுதான்.